தண்ணிக்கு ஒரு நம்பர்

வாங்க, உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாமுங்க, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. நீங்க யாருன்னு நான் கேக்கப்போறதில்லை. பையனுக்குத் தாய்மாமன், தாராபுரத்துப் பக்கம், எங்க கீர்த்தனா விஷயமா விசாரிக்க வந்திருக்கீங்க. தரகர் நேத்தே போன்ல சொல்லிட்டாரு. ஊருக்குள்ள வந்தவரு டீக்கடையில விசாரிச்சிருக்கலாம், கோயில்ல விசாரிச்சிருக்கலாம். நேரா பால் சங்கத்துக்கு வந்து, வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காம சுவத்துல இருக்கற போர்டையே பார்த்துட்டு நின்னீங்க. படிச்சு முடிச்சாச்சுங்களா?

சரி, நானே படிச்சுடறேன். முதல் வரி, செவப்பு எழுத்து. இருநூத்திப் பன்னெண்டு, தெய்வசிகாமணி. கொழுப்பு ரெண்டு புள்ளி மூணு. கலந்த தண்ணி ஐம்பது சதவீதம். நீங்க விடிகாலையில வந்திருந்தா கொழுப்பு பூஜ்யம், தண்ணி நூறுன்னு இருந்திருக்கும். தெய்வசிகாமணி நான்தானுங்க. சங்கத்து எழுத்தர். பொண்ணைப் பெத்தவன்.

எந்திரிக்காதீங்க. எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்குது. இதுக்கு முன்னாடி அவிநாசியில இருந்து ஒருத்தர் வந்தாரு. உங்களை மாதிரியே போர்டைப் பார்த்தாரு, செருப்பை மாட்டினாரு, போயிட்டாரு. ஒரு வார்த்தை கேக்கலீங்க. ஜாதகத்துல பத்துக்கு எட்டுப் பொருந்தியிருந்தது. அதனாலதான் உங்களை விடறதா இல்லை. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் என்ன வேணாலும் முடிவு பண்ணுங்க.

நான் இந்த வேலைக்கு வந்து இருபத்தாறு வருசமாச்சு. எனக்கு வேலை என்னன்னா, பரிசோதனை பண்ற சிவராசு குடுக்கற கணக்கைப் பார்த்து போர்டுல எழுதறது. அப்ப கரும்பலகைங்க. உறுப்பினர் நம்பர், பேரு, எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு போக மத்த சத்து எவ்வளவு. காலையிலயும் பொழுதோடயும். ஈரத் துணியில துடைச்சு, காய விட்டு, சாக்பீஸ்ல எழுதோணும். காயாம எழுதினா எழுத்து தெரியாது, காஞ்சதும் பேய் மாதிரி வெள்ளையா வந்து நிக்கும். என் எழுத்தைப் பார்த்துட்டு அதிகாரி ஒருத்தரு அச்சடிச்சதான்னு கேட்டாரு. அதை விடுங்க.

பணம் போடறது போர்டைப் பார்த்து இல்லீங்க. அதை நீங்க நல்லாப் புரிஞ்சுக்கோணும். பணத்துக்குச் சீட்டு வேற. மெஷின்ல இருந்து ஆளுக்கு ஒரு சீட்டு வரும், அதுல இருக்கறதுதான் கணக்கு. போர்டு ஊருக்கு. சீட்டு அவங்கவங்களுக்கு. அதனால போர்டுல கொஞ்சம் மரியாதை பார்ப்பேனுங்க. ஒருத்தர் வீட்டுக்கு விருந்தாளியா ஒறம்பரை வந்திருக்குது, கல்யாணப் பேச்சு நடக்குதுன்னா, அன்னிக்கு அவர் பால் மூணு புள்ளி மூணு வந்திருந்தா நான் நாலுன்னு எழுதுவேன். யாருக்கு நட்டம்? சங்கத்துக்கு நட்டமில்லை, அவருக்கு நட்டமில்லை. ஒரு சாக்பீஸ் கோடு, அவ்வளவுதான். ஒருத்தர் மட்டும் அந்தப் போர்டை நம்பி பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட மாடு வாங்கிட்டாரு. வாங்கிட்டு வந்து என்கிட்ட சண்டை. நான் கேட்டேன், மாடு வாங்கறவன் மாட்டைப் பார்ப்பானா, சுவத்துல இருக்கற போர்டைப் பார்ப்பானான்னு. நீங்களே சொல்லுங்க.

ஏனுங்க, சிரிக்கிறீங்க?

சரி. மெஷின் விஷயத்துக்கு வர்றேன். அந்தா இருக்குது பாருங்க, அடுப்பு சைஸ்ல. அதுக்குக் கீழ ஒரு குழாய் தொங்குதில்லீங்களா. சின்னக் கிண்ணத்துல பாலை எடுத்து, நுரை அடங்கற வரைக்கும் சித்தெ நேரம் விட்டு, மெதுவா ரெண்டு தடவை கலக்கி, குழாய் முங்கற மாதிரி வைக்கோணும். நுரையோட வெச்சா காத்தை உறிஞ்சிட்டு கொழுப்பைத் தப்பாச் சொல்லும். ஒரு நிமிசத்துக்குள்ள கொழுப்பு, சத்து, கலந்த தண்ணி எல்லாம் வந்துடும். ஆனா அதுக்கு முன்னாடி உறுப்பினர் நம்பரைத் தட்டோணும். நம்பர் தட்டாம மெஷின் ஒரு சொட்டு உறிஞ்சாது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கதையே இதுலதான் இருக்குது.

தினமும் காலையில முதல்ல பால் வைக்கக் கூடாதுங்க. நல்ல தண்ணி வெச்சு ஓட்டோணும். ராத்திரி குழாயில தங்கினது போகோணும், மெஷின் சரியாப் பேசுதான்னும் பார்க்கோணும். தண்ணி வெச்சா கொழுப்பு பூஜ்யம், தண்ணி நூறுன்னு காட்டோணும். காட்டினா மெஷின் ஒழுங்கா இருக்குதுன்னு அர்த்தம். சிவராசு வந்து சேர்றதுக்குள்ள நானே அதை முடிச்சுடுவேன். தண்ணிக்கும் நம்பர் கேக்குமில்லீங்களா, நான் ஒண்ணுன்னு தட்டுவேன். ஒரே தட்டு. கண்ணாடி கூடப் போட வேண்டியதில்லை. மெஷின் வந்த நாள்ல இருந்து அப்படித்தான். அந்த வரியைப் போர்டுல எழுத மாட்டேன். அதை எவன் எழுதுவான்? சாக்பீஸ் பிடிச்ச கைக்குத் தெரியும், எதை எழுதோணும், எதை விடோணும்னு.

ஒண்ணாம் நம்பர் யாருதுன்னு கேக்க மாட்டீங்களா?

மாரப்ப ஐயாவுது. சங்கத்தை ஆரம்பிச்சவரே அவருதான். வயசு எண்பதுக்கு மேல. தோப்புக்கு நடுவுல வீடு, எப்பவும் மூணு கறவை நிக்கும். எனக்கு இந்த வேலையைப் போட்டுக் குடுத்தவரும் அவருதானுங்க. என்னைப் பெத்த அய்யன் செத்த பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்து, நாளையில இருந்து சங்கத்துக்கு வந்துடுன்னு சொல்லிட்டு, காபிகூடக் குடிக்காமப் போனாரு. அந்த மனுசன் பால்ல ஒரு டம்ளர் தண்ணி கலந்தான்னு சொன்னா ஊர்ல எந்த நாயும் நம்பாது.

போன மாசி மாசம் புதுப் போர்டு வந்தது. இப்ப நீங்க பார்க்கற இந்த டிவி. தலைவர் ரொம்ப ஆசையா வாங்கிப் போட்டாரு. மெஷின்ல பதிவானதும் கம்ப்யூட்டருக்குப் போகும், அங்கிருந்து அரை நிமிசத்துக்கு ஒருக்கா இந்தப் போர்டு தானா எடுத்துக்கும். எழுத வேண்டாம், துடைக்க வேண்டாம். கொழுப்புக் கம்மியா இருக்கறவங்க பேரு மேல வரும், அதிகம் இருக்கறவங்க கீழ போவாங்க. மூணுக்குக் கீழ போனா செவப்பு. அப்படித்தான் வேணும்னு மேல இருந்து சொன்னாங்களாம், குறைஞ்சவங்க பார்த்துத் திருந்தட்டும்னு. மத்தியானம் காலைக் கணக்கு தானா அழியும், பொழுதோட கணக்கு ஆரம்பிக்கும். பொழுதோட பால்ல எப்பவுமே கொழுப்பு எச்சு, அது மாட்டோட இயற்கை. காலையில செவப்பா நின்னவன் பொழுதோட நெஞ்சை நிமித்திட்டுத் திரிவான்.

தொறப்பு விழா காலையில. பந்தல், மைக் செட்டு, அதிகாரி ரெண்டு பேரு. மாரப்ப ஐயா கையால பட்டன் அமுத்தறதுன்னு முடிவு. நான் வழக்கம் போல விடிகாலையில வந்தேன், தண்ணி வெச்சேன், ஒண்ணைத் தட்டினேன். வழக்கம் போல பூஜ்யம், நூறு. மெஷின் ஒழுங்கா இருக்குதுன்னு நிம்மதியாப் போயி சட்டை மாத்திட்டு வந்தேன்.

ஐயா பட்டனை அமுத்தினாரு. எல்லாரும் கை தட்டினாங்க. போர்டுல ஒரே ஒரு வரி வந்தது. ஒண்ணு, மாரப்பன். கொழுப்பு பூஜ்யம். கலந்த தண்ணி நூறு சதவீதம். சுத்தமான செவப்பு.

கை தட்டின சத்தம் உடனே நிக்கலீங்க, அதுதான் கொடுமை. பின்னாடி இருந்தவங்களுக்கு எழுத்துத் தெரியலை, அவங்க தட்டிட்டே இருந்தாங்க. ஐயா கண்ணாடியை எடுத்துத் துண்டுல துடைச்சுட்டு மறுபடி படிச்சாரு. தலைவர் மைக்குல, இது சும்மா மாதிரிக்குப் போட்டதுன்னு சொல்லிச் சமாளிச்சாரு. அரை நிமிசம் ஆச்சு, போர்டு புதுசா ஒருக்கா மின்னுச்சு. அதே வரி. இன்னொரு அரை நிமிசம். அதே வரி. கரும்பலகையா இருந்தா நான் கையால துடைச்சிருப்பேன். இதை எதால துடைக்கிறது?

ஐயா வீட்டுக்குப் போயிட்டாரு. நாலு நாள் பொறுத்துப் பார்த்தாரு. தினமும் விடிஞ்சதும் அவர் பேருக்கு நூறு. அவர் வீட்டுப் பால் வந்து ஊத்தினதும் அது ஐம்பதா மாறும். கொழுப்பு ரெண்டு புள்ளி சொச்சம். சீட்டுல மட்டும் நாலு புள்ளி சொச்சம், ஒழுங்கா. சீட்டை எவன் பார்க்கிறான்? ஊரே போர்டைத்தான் பார்த்துட்டுப் போகுது. பால் கொண்டுவர்ற ஆளு வழியில கலக்கறானோன்னு ஐயா அவனை வேலையை விட்டு நிறுத்தினாரு. அவன் அழுதுட்டு எங்கிட்ட வந்தான். எனக்கென்ன தெரியும், போர்டைத்தான் கேக்கோணும்னேன்.

அஞ்சாம் நாள் என்ன பண்ணினாரு தெரியுங்களா. மாட்டையே ஓட்டிட்டு வந்துட்டாரு. இதே வாசல்ல, அந்த வேப்ப மரத்துல கட்டி, எல்லாரையும் சுத்தி நிக்க வெச்சு, தன் கையால கறந்தாரு. அந்த வயசுல குத்த வெச்சு உக்காந்து. கடைசிச் சொட்டு வரைக்கும் கறந்தாருங்க, கன்னுக்குக்கூட விடாம, கொழுப்பு அங்கதானே இருக்குது. சிவராசு கிண்ணத்துல எடுத்து, நுரை அடங்க விட்டு, கலக்கி வெச்சான். மெஷின் சொல்லுச்சு, நாலு புள்ளி ஆறு, தண்ணி பூஜ்யம். சீட்டு வந்தது. ஐயா அதைக் கையில பிடிச்சுட்டு, போர்டைப் பார்த்துத் திரும்பினாரு. ஊரே திரும்புச்சு. அரை நிமிசம் ஓடுச்சு.

ஒண்ணு, மாரப்பன். ரெண்டு புள்ளி மூணு. கலந்த தண்ணி ஐம்பது சதவீதம்.

யாரோ ஒருத்தன், பேரு சொல்ல மாட்டேன், மாட்டுக்குள்ளயே கலந்திருக்குதப்பான்னான். சிரிக்கக் கூடாதுன்னு எல்லாரும் வாயைப் பொத்தினாங்க, அப்புறம் சிரிச்சுட்டாங்க. ஐயா மாட்டை அவுத்தாரு. கன்னு ஒரு பக்கம் கத்துது. அந்தச் சீட்டை நாலா மடிச்சு என் மேசை மேல வெச்சாரு. எழுதிட்டிருந்தப்ப நல்லாத்தான் இருந்துது தெய்வசிகாமணின்னாரு. அவ்வளவுதான். அன்னியில இருந்து அவர் வீட்டுப் பால் சங்கத்துக்கு வரலை. தனியார் வண்டிக்காரனுக்கு ஊத்தினாரு. சங்கத்தை ஆரம்பிச்சவர் பாலு தனியார் வண்டியில போகுது.

நான் வீட்டுல வந்து போர்டைத் திட்டினேன். எங்க கீர்த்தனா இலைக்கு முன்னாடி உக்காந்து கேட்டுட்டிருந்தது. அது திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கணக்கு எழுதுது, அதையும் விசாரிச்சிருப்பீங்க. அந்தச் சீட்டைக் குடுங்கப்பான்னுச்சு. பார்த்துட்டு, சீட்டுல நாலு புள்ளி ஆறு, போர்டுல ரெண்டு புள்ளி மூணு, சரியாப் பாதிங்கப்பான்னுச்சு. பாதின்னா என்ன, கொறைச்சுக் காட்டுது, கெட்டுப்போன போர்டுன்னேன். கெட்டுப்போனா ஏனோதானோன்னு கொறையும், சரியாப் பாதி எப்படிக் கொறையும்னு கேட்டுது. அப்புறம், ஒண்ணாம் நம்பர்ல ஐயாவுக்கு முன்னாடி வேற யாராவது ஊத்தறாங்களாப்பான்னு கேட்டுது.

யாரும் ஊத்தறதில்லை, தண்ணி மட்டுந்தான்னேன்.

சோத்துல வெச்ச கையை எடுத்துட்டா. எந்தத் தண்ணின்னா. சொன்னேன். என்னையவே கொஞ்ச நேரம் பார்த்தா. எங்கம்மா மாதிரி ஒரு பார்வை பார்ப்பா, அது எனக்குப் பிடிக்காது. அப்புறம் எனக்கு விளக்கினா. போர்டு ஒரு ஆளுக்கு ஒரு வரிதான் காட்டுமாம். ஒரே நம்பர்ல ரெண்டு பதிவு இருந்தா ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துப் போடுமாம். லிட்டரைப் பார்க்காதாம், எத்தனை தடவை வெச்சாங்கன்னு மட்டும் பார்க்குமாம். தண்ணிக்குக் கொழுப்பு பூஜ்யம், பாலுக்கு நாலு புள்ளி ஆறு, கூட்டி ரெண்டால வகுத்தா ரெண்டு புள்ளி மூணு. தண்ணி நூறு, பால்ல பூஜ்யம், வகுத்தா ஐம்பது. பணக் கணக்கு லிட்டரால பெருக்கறதுனால, தண்ணி பூஜ்ய லிட்டர்னு அதுல ஒண்ணுமில்லாமப் போயிடுது. அதனாலதான் சீட்டும் பணமும் சரியா இருந்துது, போர்டு மட்டும் பாதியாச்சு.

பார்த்தியா, தப்பு போர்டு மேலதான்னேன். அது எந்திரிச்சுக் கை கழுவப் போயிடுச்சு.

இப்ப நீங்களும் அதே மாதிரிப் பார்க்கிறீங்க. நான் தட்டினது தப்புன்னா அத்தனை வருசமா ஏனுங்க ஒண்ணும் ஆகலை? நான் இருந்தேன், நடுவுல. நான் அந்த வரியை விட்டுட்டு எழுதினேன். போர்டுக்கு விடத் தெரியலை.

மறுநாள் போர்டு மாட்டினவனுக்குப் போன் போட்டோம். மெஷின்லயே கழுவறதுக்குன்னு தனி வழி இருக்குது, அதுல போனா பதிவாகாதுன்னான். சரின்னு போனேன். மூணு பட்டன், எல்லாம் இங்கிலீஷ், நடுவுல ஆமாவா இல்லையான்னு கேக்குது. ஆமான்னு குடுத்தேன். அது வேற ஏதோ கேட்டிருக்குது. அன்னிக்குக் காலையில மெஷின் பசும்பாலை எல்லாம் எருமைப் பால்னு நினைச்சுட்டுச் சோதிச்சுது. போர்டுல ஒருத்தர் பேருகூடச் செவப்பு இல்லை, எல்லாருக்கும் கன்னாபின்னான்னு கொழுப்பு. சங்கத்துல அவ்வளவு சந்தோசமான காலை நான் பார்த்ததே இல்லை. மத்தியானமே எல்லாச் சீட்டையும் ரத்துப் பண்ணிட்டாங்க. தலைவர் வந்து, மெஷின்ல நம்பர் தட்டறதைத் தவிர தெய்வசிகாமணி வேற எந்தப் பட்டன் மேலயும் கை வைக்கக் கூடாதுன்னு தாள்ல எழுதி ஒட்டிட்டாரு. அந்தா, இன்னும் இருக்குது பாருங்க.

தண்ணிக்குன்னு ஒரு தனி நம்பர் போட்டுக்கலாமேன்னு கீர்த்தனாதான் சொல்லுச்சு. சோதனைன்னு ஒரு பேரு வெச்சு, ஒரு நம்பர். நல்ல யோசனைதான். ஆனா பேரு பதிவில்லாத நம்பரை மெஷின் எடுக்காது. பேரு பதியோணும்னா உறுப்பினர் ஆகோணும். உறுப்பினர் ஆகோணும்னா பங்குத் தொகை கட்டோணும், நிர்வாகக் குழு தீர்மானம் போடோணும். போட்டோமுங்க. தண்ணியை உறுப்பினராச் சேர்த்துக்கறதுன்னு ஒருமனதாத் தீர்மானம் போட்டு மேல அனுப்பினோம். பதில் வந்தது. உறுப்பினரோட ஆதார் நகலும் கறவை மாடு வெச்சிருக்கறதுக்குச் சான்றும் இணைச்சு அனுப்பவும்னு. இன்னும் அது அங்கயும் இங்கயும் போயிட்டிருக்குது.

அது வர்ற வரைக்கும் என்ன பண்றது? செத்துப்போனவங்க நம்பர் எடுத்தா யாருக்கும் வலிக்காதுன்னு நாற்பத்தேழாம் நம்பரை எடுத்தேன். ரங்கசாமியோடது. செத்து மூணு வருசமாச்சு, பேரு இன்னும் நீக்கலை. விடிஞ்சதும் போர்டுல ரங்கசாமி, கொழுப்பு பூஜ்யம், தண்ணி நூறு. உசுரோட இருந்தப்ப அவரு கொஞ்சம் கலக்கறவருதான், அது ஊருக்கே தெரியும். அதனால யாருக்கும் அதுல சந்தேகமே வரலை, ஆளு செத்ததை மறந்துட்டுத் திட்டிட்டுப் போனவங்கல்லாம் உண்டு.

மத்தியானத்துக்கு முன்னாடி அவர் சம்சாரம் பாவாயி வந்துது. போர்டு முன்னாடி நின்னு படிச்சுது. எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். சண்டை போடும்னு நினைச்சேன். போடலை. பேரு வந்திருக்குதேன்னு புள்ளைங்க சொன்னாங்க, பார்க்கலாம்னு வந்தேன் சாமின்னுச்சு. ரேசன் கார்டுல எடுத்துட்டாங்க, ஓட்டு லிஸ்டுல எடுத்துட்டாங்க, இங்க ஒண்ணுலதான் இருக்குதுன்னுச்சு. அப்புறம், பேரு இருக்கட்டும் சாமி, தண்ணியை மட்டும் எடுத்துடுன்னுச்சு.

கரும்பலகையா இருந்தா எடுத்திருப்பேனே.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து கீர்த்தனாகிட்ட லிஸ்டை நீட்டினேன். வேற யாரு நம்பர்லடா தண்ணி ஊத்தறது, நீயே ஒரு நம்பரைச் சொல்லு அம்மிணின்னேன். அது லிஸ்டை வாங்கவே இல்லை. அடுத்தவங்க நம்பர் எதுக்குப்பா, நம்ம நம்பரைப் போடுங்கன்னுச்சு. எனக்குக் கோவம் வந்துருச்சு. நாலு இடத்துல ஜாதகம் குடுத்திருக்குது, வர்றவன் போறவன் பார்ப்பான், நம்ம மானம் கப்பலேறிடும்னேன். பார்க்கட்டும்னுச்சு. இதைப் பார்த்துட்டுப் போறவங்க போகட்டும்பான்னுச்சு. அதுக்கென்ன, சொல்லிட்டுத் திருப்பூர் பஸ் ஏறிடும். இங்க செவப்பெழுத்துக்குக் கீழ உக்காந்திருக்கறது நானு.

ஆனா போட்டேனுங்க. இருநூத்திப் பன்னெண்டு. மூணு தட்டு.

உங்ககிட்ட மறைக்க மாட்டேன், இன்னிக்கு ஒரு நாள் மாத்திடலாம்னு நினைச்சேன். நீங்க வர்றீங்கன்னு தெரியுமில்ல. விடிகாலையில மெல்ல வந்து வேற நம்பர் தட்டப் போனா, பின்னாடி யாரோ நிக்கற மாதிரி இருந்துது. திரும்பினா கீர்த்தனா. கம்பெனிக்கு லீவு போட்டிருக்குதாம். கையைக் கட்டிட்டு நின்னுச்சு. நான் இருநூத்திப் பன்னெண்டே தட்டினேன். அப்புறம் என் கையில இருந்த கிண்ணத்தை வாங்கிக் கழுவி வெச்சுட்டுப் போயிடுச்சு. பிடிவாதம் ஜாஸ்திங்க. விசாரிக்க வந்தவங்ககிட்ட இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனா பின்னாடி நீங்க என்னைக் குத்தம் சொல்லக் கூடாது பாருங்க. பொய் ஒண்ணு சொல்லச் சொன்னா ஊமையாயிடும். வேலை போன அந்தப் பால்காரப் பையனுக்காக ஐயா வீட்டுக்கு நடந்து போயி, தண்ணி வெச்சது எங்கப்பாதான்னு சொல்லிட்டு வந்துடுச்சு. என்னைக் கேக்கவே இல்லை. பையனை ஐயா மறுபடி சேர்த்துக்கிட்டாரு. என் நிலைமையை நினைச்சுப் பாருங்க. வேலை குடுத்த மனுசன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?

ஐயா பாலு திரும்ப வந்துடுச்சுங்க. பாருங்க, கீழ இருந்து மூணாவது. ஒண்ணு, மாரப்பன், நாலு புள்ளி ஆறு. தண்ணி பூஜ்யம். முதல் நாள் அவரே தடியை ஊனிட்டு வந்தாரு. மேல இருந்து ஒவ்வொரு பேராப் படிச்சுட்டே வந்தாரு, தன் பேரைக் கண்டுபிடிக்கறதுக்கு. கண்டுபிடிச்சுட்டு மறுபடி மேல போயி முதல் வரியைப் படிச்சாரு. என்னைப் பார்த்தாரு. சிரிச்சாருங்க. பழி தீர்ந்துதுன்னு சிரிச்சாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அப்புறம் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. அவருக்கு எம்மேல இருக்கற கோவம் இந்த ஜென்மத்துக்குத் தீராது.

அவ்வளவுதானுங்க என் கதை. நான் பால்ல தண்ணி கலக்கறவன் இல்லை. எங்க வீட்டுல ஒரே ஒரு பசு, பேரு வெள்ளச்சி. நீங்க போர்டைப் பார்த்துட்டுப் போய்ப் பையன் வீட்டுல ஏதாவது சொல்றதுக்கு முன்னாடி இதெல்லாம் சொல்லணும்னு நினைச்சேன். நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க ரெண்டு தடவை, நான்தான் விடலை. சொல்லுங்க.

என்னங்க?

தரகர் அனுப்பலீங்களா? நீங்களாத்தான் அவரை எனக்குப் போன் பண்ணச் சொன்னீங்களா?

மாரப்ப ஐயாவா? நம்ம மாரப்ப ஐயாவா? அவரை நீங்க எங்க... கல்யாண வீட்டுல பார்த்தீங்களா. அவரே வந்து பக்கத்துல உக்காந்தாரா. உங்க அக்கா பையனுக்குப் பொண்ணு தேடறீங்களான்னு கேட்டாரா.

சித்தெ இருங்க. மெதுவாச் சொல்லுங்க. எங்கூர்ச் சங்கத்துக்குப் போ, போர்டுல முதல் வரியில செவப்பா ஒரு பேரு இருக்கும். அந்த வீட்டுல பொண்ணைக் கேளு. அப்படியா சொன்னாரு? அப்படியேதான் சொன்னாரா?

அப்ப நீங்க போர்டையே பார்த்துட்டு நின்னது...

பேரு இன்னும் இருக்குதான்னு பார்க்கவா.

முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க. நான் எருமைக் கதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டேன். மாடு வாங்கினவன் கதையையும் விட்டிருப்பேன். அதையெல்லாம் நீங்க மறந்துடுங்க. இன்னிக்கு விடிகாலையில நான் வேற நம்பர் தட்டப் போனேன்னு சொன்னேனே, அதை மட்டும் ஐயாகிட்ட சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவ பின்னாடி வந்து நிக்காம இருந்திருந்தா... வேண்டாம், அதை விடுங்க.

சிவராசு, சித்தெ பார்த்துக்கப்பா. ஒறம்பரை வந்திருக்காங்க, நான் வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.

வாங்க, எந்திரிங்க. செருப்பைப் போட்டுக்கங்க. வீடு பக்கந்தான், அந்தப் புளிய மரத்துக்கு அந்தாண்ட. கீர்த்தனா வீட்டுலதான் இருக்குது. காபி போடச் சொல்றேன். வெள்ளச்சி பாலுங்க. போர்டுல ரெண்டு புள்ளி மூணுன்னுதான் இருக்குது. நீங்க குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க.